பிஎஃப் வட்டிக்கு வரி: நிறுவனத்தின் பங்கையும் என் பங்காகக் கணக்கிட்ட கதை

2023-24ஆம் நிதியாண்டுக்கான பிஎஃப் கணக்குச் சீட்டு மே மாத இறுதியில் கைக்கு வந்தபோது, அதில் ‘வரிக்குரிய பங்களிப்பு’ என்ற வரிசையில் 3,11,000 ரூபாய் என்று அச்சாகியிருந்தது. உண்மையில் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய தொகை 1,10,000 ரூபாய். எங்கள் நிறுவனம் வருங்கால வைப்பு நிதியைத் தன் சொந்த அறக்கட்டளையின் மூலம் நடத்துகிறது. வரிக்குரிய பகுதியையும் வரியற்ற பகுதியையும் பிரித்து எழுதுவது, வட்டி வரவு வைப்பது, டிடிஎஸ் பிடிப்பது எல்லாம் அந்த அறக்கட்டளை அலுவலகத்தின் வேலை. அவர்கள் பிரித்ததில் இருந்த பிழையைத் திருத்த வைப்பதற்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. இதே பிழை வேறு சீட்டுகளிலும் இருக்கலாம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

விதி பலருக்கும் தெரிந்ததுதான். 2021 ஏப்ரல் 1 முதல், ஊழியர் தன் சம்பளத்திலிருந்து ஓராண்டில் செலுத்தும் பிஎஃப் தொகை, விருப்பப் பங்களிப்பான விபிஎஃப் உட்பட, 2,50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரும் வட்டி மட்டும் வரிக்குரியது. நிறுவனம் எதுவும் செலுத்தாத நிதிகளுக்கு இந்த வரம்பு 5,00,000 ரூபாய். 2021 மார்ச் 31 அன்று கணக்கில் இருந்த மொத்த இருப்பும் அதன் வட்டியும் வரியில்லாத பக்கத்திலேயே இருக்கும். வருமான வரி விதிகளில் 9டி என்ற விதி, ஒரே பிஎஃப் கணக்குக்குள் இரண்டு உட்கணக்குகளைத் தனித்தனியாகப் பராமரிக்கச் சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: சட்டம் பேசுவது ‘அந்த நபர் செலுத்திய’ பங்களிப்பைப் பற்றி. நிறுவனம் செலுத்தும் பங்கு இந்த இரண்டரை லட்சத்துக்குள் வரவே வராது. அதற்கு 7,50,000 ரூபாய் என்ற வேறொரு வரம்பும் வேறொரு கணக்கீடும் உண்டு.

என் அடிப்படைச் சம்பளம் மாதம் 1,50,000 ரூபாய். அதில் 12 விழுக்காடாக 18,000, விபிஎஃப்பாக 12,000, ஆக மாதம் 30,000 ரூபாய் என் பங்கு. நிறுவனத்தின் பங்கான 18,000 ரூபாயில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, மீதி 16,750 என் கணக்கில் சேர்கிறது. ஆண்டுக்கு என் பங்கு 3,60,000. வரம்பைக் கழித்தால் 1,10,000. சீட்டில் இருந்த 3,11,000 எங்கிருந்து வந்தது என்று பார்க்க, இரண்டு பங்குகளையும் சேர்த்து 46,750ஐப் பன்னிரண்டால் பெருக்கினேன். 5,61,000 வந்தது, அதில் 2,50,000ஐக் கழித்தால் அச்சு அசலாக அதே 3,11,000. சந்தேகம் இருப்பவர்கள் தங்கள் சீட்டையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு நிமிட வேலை.

வட்டியில் இதன் விளைவு எவ்வளவு என்பதற்கு மாதவாரியாகப் போக வேண்டும், ஏனென்றால் பிஎஃப் வட்டி ஒவ்வொரு மாத இறுதி இருப்பின் மீது கணக்கிடப்படுகிறது. ஒரு மாதத்தில் வரவான தொகைக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை என் பங்கு 2,40,000 ஆகிறது. டிசம்பர் மாத வரவில் 10,000 வரியற்ற பக்கத்துக்குப் போய் வரம்பு நிரம்ப, மீதி 20,000 வரிக்குரிய பக்கத்தில் விழுகிறது. ஆகவே ஜனவரிக்கு 20,000, பிப்ரவரிக்கு 50,000, மார்ச்சுக்கு 80,000 ரூபாய் மீதுதான் வரிக்குரிய வட்டி ஓடும். மார்ச்சில் வரவான 30,000 ரூபாய்க்கு அந்த ஆண்டில் வட்டியே இல்லை. அந்த ஆண்டின் 8.25 விழுக்காட்டில் மொத்தம் 1,031 ரூபாய். அறக்கட்டளையின் கணக்கிலோ செப்டம்பரிலேயே வரம்பு தாண்டிவிட்டதால் 6,079 ரூபாய் வரிக்குரிய வட்டி காட்டப்பட்டு, அது 5,000 ரூபாயைக் கடந்துவிட்ட காரணத்தால் பத்து விழுக்காடு டிடிஎஸ்ஸும் பிடிக்கப்பட்டிருந்தது.

முதலில் சம்பளப் பிரிவில் கேட்டேன். பிஎஃப் வட்டிக்கு வரியே கிடையாது என்று அங்கிருந்தவர் உறுதியாகச் சொல்லி, சீட்டை வாங்கிப் பார்க்கவும் மறுத்தார். அறக்கட்டளை அலுவலகத்திலோ எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அறுநூறு ரூபாய்தானே சார், எப்படியும் ரிட்டர்ன்ல வந்துடும்” என்றார். இந்தப் பதிலைத்தான் இந்த விஷயத்தில் யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. பிடித்த டிடிஎஸ் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் உட்கணக்கில் ஏறிய தவறான இருப்பு தானாக இறங்காது. அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு அதுவே, அதற்கு முழு ஆண்டு வட்டி ஏறும், அந்த வட்டியும் அதே உட்கணக்கில் சேர்ந்து குட்டி போடும். என் பங்கும் வட்டி விகிதமும் மாறாமல் இருந்தால், 2024-25இல் என் வரிக்குரிய வட்டி 10,191 ரூபாயாக இருக்க வேண்டும். பிழையான இருப்போடும் பிழையான கணக்கீட்டோடும் தொடர்ந்திருந்தால் 32,238 ரூபாய் வந்திருக்கும். வேலையில் இருக்கும் வரை ஒவ்வோர் ஆண்டும் இந்த இடைவெளி பெரிதாகும்.

வாய்ப்பேச்சில் எதுவும் நகரவில்லை. பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அதில் 9டி விதியின் எண், ‘அந்த நபர் செலுத்திய’ என்ற சட்டச் சொற்கள், பன்னிரண்டு மாத வரவு, ஒவ்வொரு மாதமும் எந்தப் பக்கத்தில் எவ்வளவு, 46,750 ரூபாயில் வரும் அவர்களின் விடை, 30,000 ரூபாயில் வரும் சரியான விடை ஆகியவை மட்டும் இருந்தன. டிடிஎஸ்ஸைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. உட்கணக்குகளின் இறுதி இருப்பைத் திருத்தி எழுத்துப்பூர்வமாகத் தாருங்கள் என்று கேட்டேன். அந்தக் கடிதம் எழுத்தரைத் தாண்டி அறக்கட்டளையின் கணக்காளரிடம் போனது. அவர் தன் விரிதாளைத் திறந்து, வரம்பைச் சோதிக்கும் கட்டத்தின் மீது சுட்டியை வைத்தார். அந்தச் சூத்திரம் ஊழியர் பங்கு என்ற பத்தியை எடுக்காமல் அடுத்தடுத்து இருந்த மொத்தம் என்ற பத்தியை எடுத்துக்கொண்டிருந்தது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இது உங்களுக்கு மட்டும் இல்ல சார், எல்லாருக்கும் இப்படித்தான் போயிருக்கு” என்றார். அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. விபிஎஃப் கட்டாத பலருக்கும், இரு பங்கும் சேர்ந்து இரண்டரை லட்சத்தைத் தாண்டியதால், தேவையே இல்லாமல் வரிக்குரிய வட்டி எழுதப்பட்டிருந்தது. அவர்களுடைய கணக்கும் சேர்ந்தே திருந்தியதில் எனக்கு உண்மையான நிறைவு.

புத்தகத்தில் திருத்தியதோடு விட்டுவிட்டால் பாதி வேலைதான். டிடிஎஸ் விவரம் 26கியூ என்ற காலாண்டு அறிக்கையின் வழியாக வருமான வரித் துறைக்கு ஏற்கனவே போயிருக்கும். அதிலிருந்துதான் நம் படிவம் 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டிலும் 6,079 ரூபாய் ஏறுகிறது. அறக்கட்டளை அந்த அறிக்கைக்குத் திருத்த அறிக்கை தாக்கல் செய்தால்தான் அது மாறும். நான் அதைக் கேட்டு வாங்கியதோடு, ஏஐஎஸ் பக்கத்தில் அந்தப் பதிவின் மீது, தகவல் முழுமையாகச் சரியல்ல என்ற பின்னூட்டத்தையும் சரியான தொகையோடு பதிவு செய்தேன். திருத்திய எண் வந்து சேர்ந்த பிறகே ஜூலை இறுதியில் கணக்கைத் தாக்கல் செய்தேன். ஏற்கனவே பிடித்த டிடிஎஸ் முழுவதையும் என் மொத்த வரியில் கழித்துக்கொண்டேன்.

தாக்கல் செய்யும்போது ஒரு சிறிய கண்ணி உண்டு. இந்த வட்டியை வங்கி வைப்பு வட்டியோடு சேர்த்துப் போடாமல், பிற வருமானங்கள் பகுதியின் கீழிறங்கு பட்டியலில் தனியாகக் காட்ட வேண்டும். அங்கே ஒன்றுபோலத் தோன்றும் வரிகள் வரிசையாக நிற்கும். நிறுவனமும் பங்களிக்கும் தொழிலாளர் பிஎஃப்புக்கு உரியது `first proviso to section 10(12)` என்று முடியும் வரி. `second proviso` என்பது நிறுவனப் பங்கு இல்லாத, ஐந்து லட்ச வரம்புள்ள நிதிக்கானது. புதிய வரித் திட்டத்தில் இருப்பவர்களும் வரம்புக்குட்பட்ட தொகையின் வட்டியை வரியில்லாமல் பெறலாம். தாண்டிய தொகையின் வட்டிக்கு இரு திட்டத்திலும் வரி உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டின் வட்டி 1,031 ரூபாய் போலச் சிறிதாக இருப்பதால் டிடிஎஸ் வராது, 26ஏஎஸ் படிவத்திலும் எதுவும் தெரியாது. டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று பொருளல்ல. அதைத் தாமாகவே காட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டில் அது பத்து மடங்காவதைப் பார்த்துத் திகைப்பவர்கள் பலர். காரணம் புதிய பங்களிப்பு அன்று, முந்தைய ஆண்டில் தாண்டிய 1,10,000 ரூபாய் முழு ஆண்டுக்கும் வட்டி ஈட்டுவதே.

முப்பது விழுக்காட்டு வரிப் படியில், தீர்வையும் சேர்த்து 31.2 விழுக்காடு போனால், 8.25 என்பது கையில் சுமார் 5.7 விழுக்காடாகத்தான் நிற்கும். அதனால் 2025 ஏப்ரல் முதல் என் விபிஎஃப்பை மாதம் 2,800 ரூபாயாகக் குறைத்துவிட்டேன். 18,000 ரூபாயோடு சேர்ந்து ஆண்டுக்கு 2,49,600 ஆகிறது, வரம்புக்குள் நிற்கிறது. ஆனால் அதற்குள் வரிக்குரிய உட்கணக்கில் சேர்ந்துவிட்ட 2,31,222 ரூபாய் அங்கேயேதான் இருக்கும். புதிதாக ஒரு ரூபாயும் அதில் சேராவிட்டாலும் அதன் வட்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்டியே ஆக வேண்டும். விபிஎஃப்பை நிறுத்தியவுடன் இந்த வரியும் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வேலை மாறுகிறவர்கள், பழைய அறக்கட்டளையிலிருந்து பணம் மாறுவதற்கு முன்பே இரண்டு உட்கணக்குகளின் இறுதி இருப்பையும் கையொப்பமிட்ட தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்தோடு செல்லும் இணைப்பு-கே ஆவணத்தில் அந்தப் பிரிவினை சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட அந்தத் தாள் வேண்டும். அது இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் போய்ச் சேர்ந்தால், புதிய இடத்தில் 2021க்கு முந்தைய இருப்பு எது, தாண்டிய தொகை எது என்று அடையாளம் காண வழியே இருக்காது.