ஞாயிறு முதல் விறகடுப்புப் பிரியாணி

திண்டுக்கல்லில் எங்கள் சிறிய உணவகத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் 12 மணிக்குத் திறக்கிறோம். வெள்ளாட்டுக் கறி முக்கால் பதம் வெந்ததும், அரை மணி நேரம் ஊறிய சீரகச் சம்பா அரிசியைச் சேர்த்து, நீர் வற்றிய பிறகு மூடியின் மேல் தணல் பரப்பி 20 நிமிடம் தம்மில் விடுகிறோம்; திறக்கும்போது அரிசி உடையாமல், கரண்டியில் ஒட்டாமல் உதிர்ந்தால்தான் அது இலைக்கு வரும். மிளகு தூக்கலான நாட்டுக்கோழி வறுவலும், கையால் கொத்திய கறியில் பிடித்த கோலா உருண்டையும் உண்டு.

மதியம் 12 முதல் 3.30 வரையும், இரவு 7 முதல் 10 வரையும் திறந்திருக்கும். ஒரு தேக்சா தீர்ந்தால் அடுத்தது இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால், மதியம் 2 மணிக்குள் வந்துவிடுவது நல்லது.

திறப்பு நாளில் மட்டும், அமர்ந்து உண்போருக்கு ஒவ்வொரு மட்டன் பிரியாணியுடனும் இரண்டு கோலா உருண்டைகளை விலையின்றிப் பரிமாறுகிறோம். ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும் என்பதால் பார்சலுக்கு இச்சலுகை இல்லை.