பில்களையும் மதிப்பீடுகளையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்த அனுபவம்

எங்கள் சங்கத்தின் கூட்ட அறையைப் பழுது பார்க்கும் வேலை முடியும் தறுவாயில், திட்டமிட்ட தொகையையும் உண்மையில் ஆன செலவையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்துச் செயற்குழுவின் முன் வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கையில் இருந்தவை வேலை தொடங்கும் முன் ஒப்புதல் பெற்ற மதிப்பீடு, ஒப்பந்தக்காரர்கள் தந்த விலைப்புள்ளிகள், கடை பில்கள், முன்பண ரசீதுகள் ஆகியவை. கூட்டிக் கழிக்கும் வேலையைக் கணினி செய்துவிடும். எந்தத் தாளில் உள்ள எந்தத் தொகை எந்த வரிசையில் அமர வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் பெரும்பாலான நேரம் சென்றது.

முதலில் தலைப்புகளை முடிவு செய்தேன். பில்களைப் பார்த்துத் தலைப்புகளை அமைக்கக் கூடாது. செயற்குழு எந்தத் தலைப்புகளுக்கு எவ்வளவு தொகையை ஒப்புக்கொண்டதோ, அதே தலைப்புகள் அதே வரிசையில் இருக்க வேண்டும். எங்கள் மதிப்பீட்டில் பூச்சு வேலை, வண்ணம், மின்வேலை, தச்சு வேலை, வண்டி வாடகை, எதிர்பாராச் செலவு என்று ஆறு தலைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தேன். பிறகு அட்டவணையைத் தொடாமல், தனித் தாளில் பில் பதிவேடு ஒன்றை உருவாக்கினேன். அதில் வரிசை எண், பில் தேதி, பில் எண், யாருடையது, தலைப்பு எண், வரி உட்பட்ட தொகை ஆகிய ஆறு பத்திகள் இருந்தன. அதே வரிசை எண்ணை ஒவ்வொரு பில்லின் மூலையிலும் எழுதி வைத்ததால், பின்னர் யார் எந்தத் தொகையைக் கேட்டாலும் தாளை உடனே எடுத்துக் காட்ட முடிந்தது.

பதிவேட்டை நிரப்பும்போதே தெரிந்த முதல் சிக்கல், ஒரே பில்லுக்குள் பல தலைப்புகளின் பொருள்கள் கலந்திருப்பது. ஒரு கடை பில்லில் வண்ணம் 5,600, மின்கம்பி 3,000, கொண்டுவந்து இறக்கிய வண்டிக் கட்டணம் 1,000 என்று இருந்தது. அடியில் மொத்தத்துக்கும் சேர்த்து 15 சதவீத வரியாக 1,440 போட்டு, 11,040 என்று முடித்திருந்தார்கள். எங்கள் மதிப்பீட்டுத் தொகைகள் எல்லாமே வரியை உள்ளடக்கியவை என்பதால், செலவும் வரியோடுதான் வர வேண்டும். ஆகவே அந்த ஒரு பில்லைப் பதிவேட்டில் மூன்று வரிகளாகப் பிரித்து, 6,440, 3,450, 1,150 என்று எழுதினேன். மூன்றையும் கூட்டினால் 11,040 வருகிறதா என்று அங்கேயே சரிபார்த்துக்கொண்டேன். எல்லாப் பொருள்களுக்கும் ஒரே வரி விகிதம் இருந்ததால் இப்படிப் பகிர முடிந்தது. விகிதங்கள் வேறுபட்டால் ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் வரியையே சேர்க்க வேண்டும்.

இவ்வளவு பிரித்துப் பார்ப்பது தேவைதானா என்று கூட இருந்த பொருளாளர் கேட்டார். பில்லின் பெரும்பகுதி வண்ணம்தானே, முழுவதையும் அந்தத் தலைப்பிலேயே போட்டுவிடலாமே என்பது அவர் எண்ணம். அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தாளிலேயே போட்டுக் காட்டினேன். வண்ணத்துக்கான 12,000 திட்டத் தொகையில் 880 மட்டுமே மிகுந்திருந்த செலவு, 5,480 மிகுந்ததாகத் தோன்றும். மின்வேலையில் 8,500 ஆன மிகைச் செலவு 5,050 ஆகக் குறைந்து தெரியும். வண்டி வாடகையில் மிச்சம் 2,400 என்பதற்குப் பதில் 3,550 என்று வரும். மொத்தம் மட்டும் ஒரு காசும் மாறாது. தவறான தலைப்பில் ஏறிய பில்லை மொத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இரண்டாவது சிக்கல் முன்பணம். தச்சு வேலைக்கு 10,000 முன்பணம் கொடுத்து ரசீது வாங்கியிருந்தோம். பிறகு ஒரு பகுதி வேலை முடிந்ததும் 18,000-க்குப் பில் வந்தது. அதில் முன்பணம் 10,000 கழிக்கப்பட்டு, செலுத்த வேண்டியது 8,000 என்று கடைசி வரியில் இருந்தது. ரசீதையும் பில்லின் முழுத் தொகையையும் ஏற்றினால் செலவு 28,000 ஆகிவிடும். ரசீதை விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் ஏற்றினால் 8,000 ஆகிவிடும். செய்து முடித்த வேலையின் மதிப்பு 18,000, செலவும் அதுவே. ஆகவே பதிவேட்டில் பில்களை மட்டுமே ஏற்றுவது, ரசீதுகளைப் பணம் கொடுத்ததற்கான சான்றாக அந்தந்தப் பில்லுடன் இணைத்து வைப்பது என்று வகுத்துக்கொண்டேன். விலைப்புள்ளிகளுக்கும் இதே விதிதான். பில்லைப் போலவே எண்ணும் தேதியும் தாங்கி வந்தாலும் அவை செலவு ஆகா.

பதிவேடு முடிந்த பின் அட்டவணை எளிதாக அமைந்தது. A பத்தியில் தலைப்பு எண், B-இல் திட்டத் தொகை, C-இல் உண்மைச் செலவு, D-இல் வேறுபாடு, E-இல் சதவீதம் என்று வைத்துக்கொண்டு, பதிவேட்டுத் தாளுக்கு Bills என்று பெயரிட்டு, இந்த மூன்று சூத்திரங்களை முறையே C, D, E பத்திகளில் இட்டேன்.

```
=SUMIFS(Bills!F:F, Bills!E:E, A2)
=B2-C2
=IF(B2=0, "-", D2/B2)
```

திட்டத் தொகையிலிருந்து செலவைக் கழிக்கிறோம் என்பதால், கழித்தல் குறி வந்தால் செலவு மிகுந்துவிட்டது என்று பொருள். சிலர் செலவிலிருந்து திட்டத்தைக் கழிப்பார்கள். எந்த முறையும் சரிதான், ஆனால் அதைப் பத்தியின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். வெறுமனே "வேறுபாடு" என்று போட்டால், படிப்பவர் மிச்சத்தை மிகையாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அட்டவணையில் வரவுகளும் இருந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வரவு வருவது நல்லதே என்றாலும் இதே சூத்திரம் அதற்குக் கழித்தல் குறியைத்தான் தரும். மூன்றாவது சூத்திரத்தில் உள்ள நிபந்தனை, திட்டத்தொகை பூச்சியமாக உள்ள தலைப்பில் செலவு ஏற்பட்டால் சதவீதம் கணக்கிட முடியாமல் பிழை வருவதைத் தவிர்க்கிறது.

இப்படி வந்த முதல் வடிவம் இது:

| தலைப்பு | திட்டம் | செலவு | திட்டம் கழித்தல் செலவு | % |
|---|---|---|---|---|
| பூச்சு வேலை | 45,000 | 44,200 | 800 | 1.8 |
| வண்ணம் | 12,000 | 12,880 | −880 | −7.3 |
| மின்வேலை | 38,000 | 46,500 | −8,500 | −22.4 |
| தச்சு வேலை | 30,000 | 18,000 | 12,000 | 40.0 |
| வண்டி வாடகை | 10,000 | 7,600 | 2,400 | 24.0 |
| எதிர்பாராச் செலவு | 15,000 | 0 | 15,000 | 100.0 |
| மொத்தம் | 1,50,000 | 1,29,180 | 20,820 | 13.9 |

செலவுப் பத்தியின் மொத்தமும் பதிவேட்டின் மொத்தமும் ஒன்றாக இருந்தன. தலைப்பு எண் எழுதாமல் விட்ட பில் இருந்தால் இந்த இரண்டும் ஒத்துப்போகா என்பதால், இதை அட்டவணையின் அடியிலேயே ஒரு சரிபார்ப்பு வரியாக நிரந்தரமாக வைத்துவிட்டேன்.

கணக்கு சரியாக இருந்தும் இந்த வடிவத்தைச் செயற்குழுவுக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 20,820 மிச்சம் என்று அது சொல்கிறது. ஆனால் தச்சு வேலையில் கதவுகள் இன்னும் பொருத்தப்படவில்லை. அதற்கு ஒப்புக்கொண்ட 9,500 பில்லாக வரவில்லை, அவ்வளவுதான். எனவே செலவுக்குப் பக்கத்தில் "பில் வர வேண்டியது" என்று ஒரு பத்தி சேர்த்து, வேறுபாட்டை இரண்டையும் கூட்டிய தொகையிலிருந்து கணக்கிட்டேன். தச்சு வேலையின் மிச்சம் 12,000-இலிருந்து 2,500 ஆகவும், மொத்த மிச்சம் 11,320 ஆகவும் இறங்கின. அடுத்து எதிர்பாராச் செலவுக்கான 15,000-ஐத் தனியே ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வேலைகளுக்கென்று திட்டமிட்ட 1,35,000-க்கு எதிராகச் செலவு 1,38,680 ஆகிறது. அதாவது வேலை மதிப்பீட்டைத் தாண்டி 3,680 கூடுதலாகியிருக்கிறது, அதை எதிர்பாராச் செலவுத் தொகை தாங்கியிருக்கிறது. இதற்காக அந்தத் தலைப்புக்கு மேலே ஓர் இடைமொத்த வரி சேர்த்தேன். மின்வேலையின் 8,500 மிகையை எதிர்பாராச் செலவில் எழுதிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. அப்படிச் செய்தால் மின்வேலை திட்டத்துக்குள் முடிந்ததுபோல் தெரியும், அடுத்த முறை மதிப்பீடு போடுபவரும் அதே 38,000-ஐ நம்புவார். ஆகவே செலவு ஆன இடத்திலேயே அதை விட்டுவிட்டேன்.

கடைசியாகக் குறிப்புப் பத்தி. ஐந்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு உள்ள தலைப்புகளுக்கு மட்டும் குறிப்பு எழுதுவது என்று முடிவு செய்ததால், பூச்சு வேலைக்கு எதுவும் எழுதவில்லை. "செலவு கூடியது" என்பது குறிப்பு ஆகாது, அதைத்தான் பக்கத்துப் பத்தி ஏற்கெனவே சொல்கிறதே. காரணம் வேண்டும், பில்லின் வரிசை எண் வேண்டும், இரண்டும் ஓரிரு வரிகளில் அடங்க வேண்டும். மின்வேலைக்கு, "சுவருக்குள் இருந்த பழைய கம்பிகள் மாற்றப்பட்டன; மதிப்பீட்டில் இல்லாத கூடுதல் வேலை; செயற்குழு ஒப்புதல் உண்டு; பில் 7" என்று எழுதினேன். வண்டி வாடகைக்கு, "இடிபாடு அகற்ற மூன்று நடை எதிர்பார்த்தது, இரண்டில் முடிந்தது, வேறு பில் வர வேண்டியதில்லை" என்று எழுதினேன். மிச்சம் தெரியும் இடங்களில் "வேறு பில் வர வேண்டியதில்லை" என்ற இந்தக் கடைசிப் பகுதி முக்கியம், ஏனெனில் மிச்சம் பல நேரங்களில் இன்னும் கைக்கு வராத பில்தான். அதை எழுதும் முன் வண்டிக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

வண்ணத்தின் 880-க்குக் காரணம் எழுதும்போது சற்று ஆழமாகப் போக வேண்டியிருந்தது. மதிப்பீட்டில் லிட்டர் 300 வீதம் 40 லிட்டர். வாங்கியது 280 வீதம் 46 லிட்டர். கூடுதலான 6 லிட்டரைத் திட்ட விலையான 300-ஆல் பெருக்கினால் 1,800 மிகை. வாங்கிய 46 லிட்டரிலும் லிட்டருக்கு 20 குறைந்ததால் 920 மிச்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே 880. விலை பேசியவர் நன்றாகவே வாங்கியிருக்கிறார், சுவரின் பரப்பளவைக் கணித்ததில்தான் குறை என்பது இந்தப் பிரிப்பில் வெளிப்பட்டது. ஆகவே, "அளவு கூடியதால் 1,800 மிகை, விலை குறைந்ததால் 920 மிச்சம்; பில் 4, 9" என்று எழுதினேன்.

கூட்டத்தில் கேள்விகள் பெரும்பாலும் மின்வேலையைப் பற்றியே எழுந்தன. பில் 7-ஐயும் ஒப்புதல் தீர்மானத்தையும் எடுத்துக் காட்டியதும் அது முடிந்தது. கதவுகளுக்கான பில் பின்னர் 9,500-க்கே வந்தது. பதிவேட்டில் ஒரு வரி சேர்த்து, "பில் வர வேண்டியது" பத்தியைப் பூச்சியமாக்கினேன். மொத்த மிச்சம் 11,320 என்பது மாறாமல் நிற்க, அந்தப் பிரதியையே கோப்பில் இறுதி அட்டவணையாகச் சேர்த்தோம்.