குரூப் 4 மெயில் வந்த பிறகு: தமிழ்வழிச் சான்றுக்காக ஆற்காடு வரை

குரூப் 4 தேர்வு முடிவுக்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி.யிலிருந்து மெயில் வந்தது. சான்றிதழ்களை இணையத்தில் பதிவேற்றச் சொல்லி அழைப்பு. குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கே இனிப்பு கொடுக்க மாமியார் கிளம்பிவிட்டார். "அத்தை, கொஞ்சம் பொறுங்க, இது வேலைக்கான ஆர்டர் இல்ல" என்று தடுக்க வேண்டியதாயிற்று. காலியிடங்களை விட அதிகம் பேரைத்தான் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பார்கள். அது மெயிலின் முதல் பத்தியிலேயே இருக்கிறது: அழைப்பு தற்காலிகமானது, விண்ணப்பத்தில் நாம் சொன்னவை நிரூபணமானால்தான் மேலே போகலாம்.

அந்த இரண்டாம் பாதிதான் முக்கியம். மெயிலில் சான்றிதழ்களின் பொதுப் பட்டியல் நீளமாக வரும்: மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர், ஆதரவற்ற விதவை என்று எல்லோருக்கும் சேர்த்து. அதில் நமக்கு எது வேண்டும் என்பதை நாம் அனுப்பிய விண்ணப்பம்தான் சொல்லும். ஒருமுறைப் பதிவுக் கணக்கில் நுழைந்து, விண்ணப்பத்தின் பிடிஎஃப்பை அச்செடுத்து, மெயிலோடு பக்கத்தில் வைத்துக்கொண்டேன். 'ஆம்' என்று சொல்லியிருந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள் வேண்டும். எனக்கு வந்தவை பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, தமிழ்வழியில் படித்ததற்கான சான்று.

சாதிச் சான்றில் கல்யாணமான பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் அப்பா பெயர்தான் இருக்க வேண்டும், கணவர் பெயர் செல்லாது. என்னுடையது கல்யாணத்துக்கு முன்பே ஆற்காட்டில் வாங்கியது என்பதால் தப்பித்தேன். அதில் 'வேலூர் மாவட்டம்' என்று இருக்கும். 2019இல் பிரித்த பிறகு ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆனாலும் பழைய சான்று பழைய சான்றுதான், அதற்காகப் புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை.

நேரம் தின்றது தமிழ்வழிச் சான்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் தரும் ஒதுக்கீடு 20 சதவீதம். 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, கடைசிப் படிப்பு மட்டும் தமிழில் என்றால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குக் கேட்கும் கல்வித்தகுதி வரை முழுக்கத் தமிழில் படித்திருக்க வேண்டும். குரூப் 4க்குக் கேட்பது பத்தாம் வகுப்பு என்பதால் எனக்கு 1 முதல் 10 வரை காட்ட வேண்டியிருந்தது. பட்டம் வாங்கியிருந்தாலும் இதற்குக் கல்லூரிச் சான்று தேவைப்படவில்லை. ஐந்து வரை ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆறிலிருந்து பத்து வரை வேறு பள்ளி. ஆக, சான்றும் இரண்டு.

உயர்நிலைப் பள்ளியில் அலுவலகத்தில் இருந்தவர் உடனே லெட்டர் பேடில் நாலு வரி எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் அது செல்லாது. டி.என்.பி.எஸ்.சி. தன் அறிவிக்கையோடு தரும் படிவத்தில்தான் வேண்டும். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு, பயிற்றுமொழி, கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் அதில் வர வேண்டும். அச்செடுத்த படிவம் கையில் இருந்ததால் அங்கேயே மாற்றி வாங்கிவிட்டேன்.

தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை புதியவர். "எந்த வருஷம்மா சேர்ந்த?" என்று கேட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். தையல் விட்டுப் பக்கங்கள் தனித்தனியாக வந்தன. விரலை வைத்து வரிசையாக இறங்கி, அப்பாவின் பெயரைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்தார். அவர் எழுதிய ஆண்டுகளை என் மாற்றுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துக்கு நீட்டினேன். ஐந்தாம் வகுப்பு ஒரு பள்ளியில் முடிந்த ஆண்டும் ஆறாம் வகுப்பு அடுத்ததில் தொடங்கும் ஆண்டும் ஒட்டி வர வேண்டும், நடுவில் ஓராண்டு விட்டால் அங்கே கேள்வி எழும். மூடிவிட்ட பள்ளியில் படித்தவர்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம்.

கடைசி நாளைப் பற்றி மெயில் கறாராகவே இருந்தது: அதற்குள் பதிவேற்றாவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிராகரிப்பார்கள், மெயிலோ எஸ்.எம்.எஸ்ஸோ வரவில்லை என்று காரணம் சொல்ல முடியாது. என் தோழிக்கு அது ஸ்பேமில் கிடந்தது. அவளுக்கு நான் போன் செய்து சொன்னேன். முடிவு வந்த பிறகு tnpsc.gov.in தளத்தை அவ்வப்போது பார்ப்பதே நல்லது.

கடைசி நாளுக்கு முன்தினமே பதிவேற்றினேன். தொடக்கப் பள்ளி முத்திரை மங்கலாக இருந்ததால் வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி ஸ்கேன் செய்தேன். ஒவ்வொரு கோப்பையும் ஏற்றியபின் திறந்து பார்த்துவிட்டுத்தான் சமர்ப்பித்தேன். அசல்களை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், சென்னையில் நேரடிச் சரிபார்ப்புக்கு அழைத்தால் அவைதான் வேண்டும்.