காலண்டரில் ஞாயிறு, மலையில் சனி

நகரியில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்குவது தெலுங்குக் காலண்டர். மளிகைக் கடையில் வருஷா வருஷம் இனாமாகக் கொடுப்பார்கள். வீட்டில் பேசுவது தமிழ், வேண்டிக்கொள்வது தணிகைமலை முருகனிடம், நாள் பார்ப்பது மட்டும் தெலுங்கில். இதில் எங்களுக்கு ஒரு முரணும் தோன்றியதில்லை. திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தில்தானே இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, மலை நகரவில்லை.

2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷம் பெரியம்மா கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பது என்று தீர்மானித்திருந்தார். பகலில் பாலும் பழமும், இரவில் ஒரு வேளை பலகாரம், கடைசி நாள் முழுப் பட்டினி, மலையேறி முருகனைப் பார்த்த பிறகு மறுநாள் சாப்பாடு. காலண்டரைப் பார்த்து அவரே நாள் குறித்துக்கொண்டார். செவ்வாய் 14, பாட்யமி, அதாவது பிரதமை. ஞாயிறு 19, ஷஷ்டி. எண்ணினால் சரியாக ஆறு நாள். எனக்கும் ஞாயிறு விடுமுறை என்பதால் நானும் தலையாட்டினேன். திங்கட்கிழமை மத்தியானம் நோன்பு அதிரசம் நான்கைந்தை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, செவ்வாய் காலை குளித்துச் சங்கல்பம் செய்துகொண்டார்.

சனிக்கிழமை காலை பூக்காரம்மா வந்தார். நாளைக்கு மலைக்குக் கொண்டுபோக இரண்டு முழம் அதிகம் வேண்டும் என்று பெரியம்மா கேட்டார்.

“நாளைக்கு எதற்கு அம்மா? இன்று சாயங்காலம்தானே புஷ்பாஞ்சலி. விடியற்காலையிலிருந்து பூ வண்டி வண்டியாக மலைக்குப் போகிறது” என்றார் பூக்காரம்மா.

பெரியம்மாவின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. நேராகச் சமையலறைக்குப் போய்க் காலண்டரைக் காட்டினார். சனி, 18ஆம் கட்டத்தில் பஞ்சமி என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அதன் கீழே, கடுகு அளவு எழுத்தில், காலை 9.18 வரை என்றும் இருந்தது. பெரியம்மாவின் கண்ணாடிக்கு அது எட்டவில்லை. கண்ணாடி தேவைப்படாத நானும் அதைப் பார்க்கவில்லை.

தவறு முழுவதும் அந்தக் கடுகு எழுத்தில் இருந்தது. காலண்டர் கட்டத்தில் பெரிதாக அச்சிடுவது சூரிய உதயத்தின்போது இருக்கும் திதி. சனிக்கிழமை உதயத்தில் பஞ்சமி. அது காலை ஒன்பதேகாலுக்கு மேல் முடிந்து, சஷ்டி பிறந்து, அன்று பகல், மாலை, இரவு முழுவதும் நின்று, ஞாயிறு காலை 7.23க்கு முடிந்துவிடுகிறது. ஞாயிறு உதயத்தில் சஷ்டி ஒரு மணி நேரம் ஒட்டிக்கொண்டிருப்பதால் கட்டத்தில் அதன் பெயர் வந்துவிட்டது. உண்மையில் ஞாயிறு பகல் பூராவும் சப்தமி.

கந்த சஷ்டிக்கு உதயத் திதி கணக்கில்லை. கோகுலாஷ்டமி, சிவராத்திரியோடு சேர்த்து இதையும் முந்தைய திதி கலந்த நாளிலேயே கொள்ள வேண்டும் என்பது தர்ம சாஸ்திர நூல்களின் தீர்ப்பு. பஞ்சமி கலந்த சஷ்டிதான் கந்தனுக்கு. நடைமுறையில் கோயில்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: சூரியன் மறைவதற்குள் சஷ்டி பிறந்துவிட்டதா? பிறந்துவிட்டால் அன்றே சூரசம்ஹாரம். திருச்செந்தூரிலும் அந்த வருஷம் சனிக்கிழமைதான் சம்ஹாரம். சம்ஹாரம் மாலையில் நடப்பது, ஆகவே மாலையில் எந்தத் திதி நிற்கிறது என்பதுதானே கேள்வியாக இருக்க முடியும்? இவ்வளவு எளிய விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

காலண்டரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. தெலுங்குக்காரர்களுக்கு சுப்பராயுடு ஷஷ்டி என்பது ஒரு மாதம் கழித்து மார்கசிர மாதத்தில் வருவது. இந்த ஆறு நாளுக்குள் அவர்களுக்கு முக்கியம் நாகுல சவிதி. அன்று பக்கத்து வீட்டு அக்கா புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து பெரியம்மாவுக்குச் சிம்மிலி உருண்டை நீட்டினார். விரதம் என்று இவர் மறுத்தார். எங்கள் பண்டிகைக்கு அவர்களுடைய காலண்டர் கட்டம் கட்டி நாள் சொல்லும் என்று எதிர்பார்த்தது எங்கள் சோம்பேறித்தனம்.

அன்று பிற்பகலே பஸ் ஏறிவிட்டோம். நகரி மூக்கு என்கிற அந்தக் குன்று ஜன்னலில் பின்வாங்கியதும் பெரியம்மா வாய் திறந்தார். “ஐந்தாம் நாளே கடைசி நாளாகிவிட்டதே, முதல் நாளை எங்கே தொலைத்தேன்?”

தொலைத்தது திங்கட்கிழமை. அதிரசம் சாப்பிட்ட திங்கட்கிழமை. அன்று பிற்பகல் மூன்று மணி வரைக்கும் அமாவாசை. கட்டத்திலும் அமாவாசை என்றே போட்டிருந்தது. ஆனால் கோயிலில் விழா தொடங்கியது அன்றுதான். அந்தப் பட்சத்தில் ஒவ்வொரு திதியும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் குறைவாகவே ஓடியது. பிரதமை மூன்று மணிக்குப் பிறந்தது, சஷ்டியோ காலை ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டது. இப்படி இருக்கும்போது பிரதமை என்று அச்சடித்த கட்டத்திலிருந்து முன்னோக்கி எண்ணினால் ஒரு நாள் பிசகும். மாலையில் சஷ்டி நிற்கும் நாளை முதலில் பிடித்து, அதையும் சேர்த்து ஆறு நாள் பின்னோக்கி எண்ண வேண்டும்.

முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் பெரியம்மா பட்டினியோடு ஏறினார். நான்தான் நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

தணிகையில் சூரசம்ஹாரம் கிடையாது. சூரனை முடித்து, வள்ளிக்காக வேடரோடு பொருதி, சினம் தணிந்து முருகன் அமர்ந்த மலை இது. இங்கே வேல் வீச்சு இல்லை, மண்டை மாறும் சூரன் இல்லை, மணலில் அலைமோதும் கூட்டமும் இல்லை. மற்ற ஊர்களில் சம்ஹாரம் நடக்கும் அதே மாலையில், இங்கே காவடி மண்டபத்தில் உற்சவர் சண்முகருக்குக் கூடை கூடையாகப் பூவைச் சொரிகிறார்கள். சாமந்தியும் ரோஜாவும் சம்பங்கியும் விழ விழ, முதலில் பாதம் மறைந்தது, பிறகு மயில் மறைந்தது. ஒரு கட்டத்தில் முகங்களும் வேலின் நுனியும் மட்டும் தெரிந்தன. பெரியம்மா கொண்டுவந்த இரண்டு முழம் கதம்பமும் அந்தக் குவியலில் எங்கோ போய்ச் சேர்ந்தது.

கூட்டம் தளர்ந்ததும் ஒரு குருக்களிடம் தன் கணக்கைச் சொன்னார். ஒரு நாள் குறைந்துவிட்டதே, என்ன செய்வது? அவர் கையில் விபூதியை வைத்துக்கொண்டே, “இன்று முழு உபவாசம் இருக்கிறீர்கள் இல்லையா? நாளைக் காலை திதி முடிந்த பிறகு, திருக்கல்யாணம் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். போதும்” என்றார். பெரியம்மாவுக்கு அந்தப் போதும் போதவில்லை. திரும்பும் வழியெல்லாம் அதிரசத்தையே திட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கல்யாணத்துக்கும் போனோம். ஞாயிற்றுக்கிழமைக்கு நான் போட்டிருந்த திட்டம் அந்த வகையில் வீணாகவில்லை.

வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் திதி முடியும் நேரத்தில் சில நாழிகை வேறுபடும். சஷ்டி பிறக்கும் நேரம் அஸ்தமனத்தை ஒட்டி இருந்தால் வீட்டுக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டுக் கோயில் அறிவிப்பைப் பார்ப்பதுதான் வழி. மற்ற வருஷங்களில் கடுகு எழுத்தே போதும்.

2025இலும் அதே பொறி காத்திருந்தது. அக்டோபர் 27, திங்கட்கிழமை காலை ஆறு மணியைக் கொஞ்சம் தாண்டித்தான் சஷ்டி பிறந்தது, செவ்வாய் காலை எட்டு மணி வரை நின்றது. எங்கள் காலண்டரில் ஞாயிறும் பஞ்சமி, திங்களும் பஞ்சமி, செவ்வாய் ஷஷ்டி. பெரியம்மா பூதக்கண்ணாடி வாங்கியிருந்தார். திங்கட்கிழமையைப் பென்சிலால் வட்டமிட்டு, பின்னோக்கி விரல்விட்டு எண்ணி, 22ஆம் தேதி புதன்கிழமையில் நின்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மிச்சமிருந்த அதிரசத்தை டப்பாவோடு பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.