கறுத்த வாழைப்பழமும் களியாகாத கேக்கும்

திருகோணமலை வெக்கைக்கு மேசையில் வைத்த கோழிக்கூட்டுச் சீப்பு சீக்கிரம் கறுத்துவிடும். வாழைப்பழ பிரெட்டுக்கு அந்தப் பழம்தான் வேண்டும். மாச்சத்தெல்லாம் சீனியாக மாறி, பழம் இளகி, கேக்குக்கு ஈரத்தைக் கொடுக்கும். ஆனால் நடுப்பகுதி களிபோல ஆவதற்கும் அதே ஈரம்தான் காரணம்.

'மூன்று பழம்' என்று போடும் செய்முறைகள் பெரும்பாலும் பெரிய ஆனைவாழைப்பழத்தை நினைத்து எழுதியவை. நம்முடைய கதலி, கோழிக்கூடு எல்லாம் வேறு அளவு. அதனால் எண்ணாதீர்கள், மசித்து நிறுங்கள். 250 கிராம் கோதுமை மாவுக்கு 300 கிராம் மசியல் போதும். பால், தயிர் எதுவும் வேண்டாம். கூடப் போட்டால் மாவால் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது.

ஃப்ரீசரில் வைத்த பழம் என்றால் உருகும்போது பழுப்பு நிறத்தில் நிறையத் தண்ணீர் விடும். அதைக் கொட்டவே கொட்டாதீர்கள், மணமெல்லாம் அதில்தான் இருக்கிறது. வடித்தெடுத்து, சின்னச் சட்டியில் பாதியாக வற்றும்வரை காய்ச்சி, ஆறவிட்டு மசியலோடு சேர்த்து நிறுங்கள்.

மாவைப் போட்டபிறகு வெள்ளை மறைந்ததும் கிளறுவதை நிறுத்துங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் இறுகி ரப்பர்போல வரும். 170 பாகையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மேல்பக்கம் முதலே சிவந்தால் ஃபாயிலால் மூடுங்கள், வெளியே எடுக்காதீர்கள். ஈர்க்கைச் சரியாக நடுவில், அடிவரை குத்துங்கள். துகள் ஒட்டினால் சரி, பசை ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம்.

அப்புறம், சூட்டோடு வெட்டாதீர்கள். ஆறும்போதுதான் உள்பக்கம் முழுதாக இறுகும்.