கேந்திப்பூ மாலையால் திரும்பி வந்த கொடை வீடியோ

சேரன்மகாதேவி பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைவிழாவை 24 நிமிட நிகழ்ச்சியாக எடுத்துக் கொடுத்தேன். கோயில் கமிட்டியே சேனலில் நேரம் வாங்கியிருந்தது. எடுத்தது, வெட்டியது, கணியான் கூத்துப் பாட்டுக்கு ஆடியோ சரிசெய்தது எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. சேனல் அந்தக் கோப்பை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. அந்த இரண்டு தடவையும் நான் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போய் வந்தேன். அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தடவை காரணம் எளிது. மதியக் கொடை சித்திரை வெயிலில் நடந்தது. சாமியாடுகிறவர்கள் வெள்ளை வேட்டி, பின்னால் சுண்ணாம்பு அடித்த பீடம். என் கேமரா 100 சதவீத வெள்ளையோடு நிறுத்தாமல் அதற்கு மேலும் பதிவு செய்யும். 8 பிட் கணக்கில் தொலைக்காட்சிக்குக் கறுப்பு 16, வெள்ளை 235. கேமரா 255 வரை எழுதினால் அது 109 சதவீதம். சேனல் கொடுத்திருந்த தாளில் வெளிச்சம், அதாவது லூமா, -1 முதல் 103 வரை என்றும், சிவப்பு பச்சை நீலம் மூன்றும் தனித்தனியாக -5 முதல் 105 வரை என்றும், படத்தின் பரப்பில் 1 சதவீதத்துக்கு மேல் மீறினால் தவறு என்றும் இருந்தது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 103 பரிந்துரையில் வரும் எண்கள்தான் இவை. என் வேட்டியெல்லாம் 108, 109-ல் நின்றது.

ஊருக்குத் திரும்பி அதைச் சரிசெய்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. மொத்தப் படத்தின் வெளிச்சத்தையும் இறக்கிவிடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். வேட்டி 100-க்கு வந்தது, ஆனால் ஆட்களின் முகம் மங்கிப்போனது. வெயிலில் கறுத்த முகங்கள் ஏற்கெனவே 40, 45-ல் இருந்தன. அதற்குப் பதிலாக லூமா வளைவின் மேல் முனையை மட்டும் மெல்ல வளைத்து, 85-க்கு மேல் இருப்பதை 97-க்குள் அடங்கும்படி மடக்கினேன். ஒரேயடியாக 100-ல் வெட்டியிருந்தால் வேட்டி மடிப்பெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகப் போயிருக்கும். மடக்கியதால் மடிப்பு மிஞ்சியது.

பிறகு சோதித்தும் பார்த்தேன். ffmpeg என்ற இலவச மென்பொருளில் ஒளிபரப்பு எல்லையைத் தாண்டும் புள்ளிகளைச் சிவப்பாகக் காட்டும் வசதி இருக்கிறது:

```
ffplay kodai.mxf -vf signalstats="out=brng:color=red"
```

சாமக்கொடைக் காட்சிகளில் பந்தலைச் சுற்றிய நீல சீரியல் செட் பல்பெல்லாம் சிவப்பாகப் பூத்தன. அந்த நீலத்தின் அடர்த்தியைக் குறைத்தேன். மறுபடி ஓட்டியபோது எங்கும் சிவப்பு இல்லை. மனநிறைவோடு ரயில் ஏறினேன்.

இரண்டாம் தடவை மறுபடியும் நிராகரிப்பு. தரச் சோதனை மேசையில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "கேமட் எரர் சார். லெவல்ஸ் சரிபண்ணி எடுத்துட்டு வாங்க" என்றார். நிறம் எல்லையை மீறியிருக்கிறது என்று அர்த்தம். "எந்த இடத்துல சார்?" என்றேன். "நிறைய இடத்துல." எந்த நிறம், எவ்வளவு என்று கேட்டதற்கும் அதே பதில். அறிக்கையைத் தர முடியுமா என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பிடிஎஃப்பில் டைம்கோடு, எந்த நிறம் மீறியது, எத்தனை சதவீதம், எவ்வளவு பரப்பு என்று எல்லாம் இருந்தது. முதல் தடவையே இதைக் கேட்டு வாங்காமல் விட்டது என் தவறு. அறிக்கை கையில் இல்லாமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

ரயிலில் அந்த அறிக்கையை வரி வரியாகப் பார்த்தேன். வேட்டி இல்லை, பல்பு இல்லை. மாடன் அலங்காரம் முழுத் திரையில் வரும் இடங்கள் எல்லாம் இருந்தன. நீலம் -10, -11. லூமா எங்கும் 80-ஐ ஒட்டித்தான் இருந்தது. பீடத்தையே மறைக்கிற அளவுக்குச் சாத்தியிருந்த கேந்திப்பூ மாலைதான் காரணம். மஞ்சள் பூவுக்கு நீலத்தில் என்ன தவறு என்று திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கும்வரை புரியவில்லை.

வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். வீடியோ கோப்பு சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்தை வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சம் ஒன்று, நிற வேறுபாடு இரண்டு என்று பிரித்து வைக்கிறது. எச்டி படத்துக்கு வெளிச்சத்தின் கணக்கு இது:

```
Y = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
```

பூவின் ஒரு புள்ளி, கேமராவில் வந்தபடி, சிவப்பு 95, பச்சை 82, நீலம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் 80.3 வருகிறது. பூ பளிச்சென்று தெரியட்டும் என்று நான் நிற அடர்த்தியை, அதாவது சாச்சுரேஷனை, ஒன்றரை மடங்கு ஏற்றியிருந்தேன். சாச்சுரேஷன் ஏற்றும்போது வெளிச்சம் நகராது. ஒவ்வொரு நிறமும் அந்த 80.3-லிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த விலகல் ஒன்றரை மடங்காகிறது. சிவப்பு 14.7 மேலே இருந்தது, 22 ஆகி 102.4-க்குப் போனது. அது பரவாயில்லை. நீலம் 60.3 கீழே இருந்தது. அது 90.4 ஆனது. 80.3-லிருந்து 90.4-ஐக் கழித்தால் -10.1. அறிக்கையில் இருந்த அதே எண்.

தொலைக்காட்சிப் பெட்டி இந்தக் கோப்பைத் திருப்பி சிவப்பு, பச்சை, நீலமாக மாற்றும்போது -10 நீலம் என்று ஒன்று அதனால் காட்ட முடியாது. பூஜ்யத்தில் வெட்டிவிடும். இதழுக்கு இதழ் நீலத்தில் இருந்த சின்னச் சின்ன வித்தியாசம்தான் பூவின் மடிப்பைக் காட்டுகிறது. அதெல்லாம் பூஜ்யமாகிவிட்டால் மாலை ஒரே மஞ்சள் கட்டியாகத் தெரியும்.

அப்படியானால் ffplay ஏன் காட்டவில்லை? இதுதான் எனக்கு மிகவும் உறைத்த இடம். அந்தச் சோதனை வெளிச்சத்தையும் இரண்டு நிற வேறுபாடுகளையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது: வெளிச்சம் 16 முதல் 235-க்குள், நிற வேறுபாடு 16 முதல் 240-க்குள். என் பூவின் நீல வேறுபாடு 19-க்கு வந்து நின்றது. எல்லைக்குள்தான். மூன்றும் தனித்தனியே சரியாக இருந்து, சேர்த்துப் பார்த்தால் இல்லாத நிறமாக ஆகிவிடலாம் என்பதை அந்தச் சோதனை பார்க்காது. நீல பல்பு மாட்டியதற்குக் காரணம், அதன் நிற வேறுபாடே 240-ஐத் தாண்டியதுதான். ஆகவே ffplay சிவப்பு காட்டினால் நிச்சயம் தவறு இருக்கிறது. காட்டாவிட்டால் தவறு இல்லை என்று அர்த்தமில்லை.

நான் வெட்டும் மென்பொருளான பிரீமியரில், மூன்று நிற அளவையும் தனித்தனியாக வரைந்து காட்டும் ஆர்ஜிபி பரேடு வைத்திருந்தும் எனக்குத் தெரியாமல் போனதற்கு வேறு காரணம். Lumetri Scopes-ல் Clamp Signal என்று ஒரு டிக் இருக்கிறது. என்னுடையதில் அது போட்டே இருந்தது. அது இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழேயும் 100-க்கு மேலேயும் இருப்பதை ஸ்கோப் வெட்டிக் காட்டும். நீலம் பூஜ்யத்தில் கோடு போட்டது மாதிரிப் படுத்திருந்தது, நான் சரி என்று நினைத்துவிட்டேன். டிக்கை எடுத்து, பக்கத்தில் 8 பிட் என்றிருந்ததை float ஆக்கியதும் நீலம் சடாரென்று கீழே இறங்கியது. முதல் வேலையாக உங்கள் ஸ்கோப்பில் இதைப் பாருங்கள். பூஜ்யத்திலோ 100-லோ தட்டையாக அடர்ந்த கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

திருத்தம் அரை நாள் வேலைதான். மொத்த சாச்சுரேஷனை இறக்கவில்லை; இறக்கினால் குங்குமமும் சிவப்புப் பட்டும் செத்துவிடும். Hue vs Sat வளைவில் மஞ்சளை மட்டும் பிடித்து, ஒன்றரை மடங்கை ஒன்றேகால் மடங்குக்குக் கொண்டுவந்தேன். கணக்குப்படி நீலம் 4.9, சிவப்பு 98.7. இரண்டும் உள்ளே. கண்ணுக்குப் பூ மங்கியதாகத் தெரியவில்லை. இதழ் பிரிந்து தெரிந்ததால் முன்னைவிட நன்றாகவே இருந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லா டிராக்குக்கும் மேலே, பெயர் எழுத்துகளுக்கும் மேலே, ஒரு Adjustment Layer வைத்து, எல்லை மீறுவதை வெட்டும் Video Limiter போட்டேன். வரிசை முக்கியம். லிமிட்டரை முதலில் போட்டு அதை நம்பிவிட்டால் அது பூவை வெட்டித்தான் எல்லைக்குள் கொண்டுவரும், மடிப்பு போய்விடும். கையால் அடக்கிய பிறகு தப்பும் ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு மட்டும்தான் அது. எல்லையை 103-ல் வைக்காமல் 100-ல் வைத்தேன். எக்ஸ்டிகேம் 50 எம்பிபிஎஸ்-க்குச் சுருக்கும்போது கூர்மையான ஓரங்களில் அளவு கொஞ்சம் எகிறும். லிமிட்டர் சுருக்குவதற்கு முன்னால் வேலை செய்வதால் அதைத் தடுக்க முடியாது. பெயர் எழுத்தின் வெள்ளையையும் 255-லிருந்து 235-க்கு இறக்கினேன்; எழுத்து நிறத்துக்கு அளவு 0 முதல் 255 வரை, அங்கே 255-தான் முழு வெள்ளை என்பதால் அது சுமார் 92 சதவீதம். கடைசியாக, டைம்லைனை அல்ல, வெளியே எடுத்த எம்எக்ஸ்எஃப் கோப்பையே திரும்ப உள்ளே இழுத்து, Clamp Signal இல்லாத பரேடில் 24 நிமிடமும் பார்த்தேன்.

மூன்றாம் தடவை ரயில் ஏறவில்லை. சுமார் 9 ஜிபி. பாளையங்கோட்டையில் நண்பர் ஆபீஸ் ஃபைபர் லைனில் ராத்திரி ஏற்றிவிட்டு அங்கேயே பெஞ்சில் படுத்தேன். கமிட்டி அண்ணாச்சி விடியும் முன்பே போன் போட்டார்.

"தம்பி, இந்தத் தடவையாவது எடுத்துக்கிடுவானுவளா?"

"பூவச் சரிபண்ணிட்டேன் அண்ணாச்சி."

"பூவா? மால நல்லாத்தான இருந்துச்சு?"

மத்தியானம் அறிக்கை வந்தது. தேர்ச்சி. நடுவில் ஒரே ஒரு குறிப்பு: ஊர்ப் பெயர் எழுத்தின் ஓரத்தில் சிவப்பு 106, பரப்பு 0.2 சதவீதம். ஒன்றுக்குக் கீழே என்பதால் விட்டுவிட்டார்கள். அந்த எழுத்தைச் சுற்றி நான் போட்டிருந்த மெல்லிய சிவப்புக் கோடு அது. அடுத்த வேலைக்கு அந்தச் சிவப்பையும் 90 சதவீதத்துக்கு இறக்கி டெம்ப்ளேட்டில் சேமித்துவிட்டேன்.