மடியில் சாய்ந்த ரங்கமன்னார்

ஆடிப்பூர உற்சவத்தின் ஏழாம் நாள் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோம். அன்றைக்குக் கிருஷ்ணன் கோயிலில் சயன சேவை. கூட்டம் நகர நேரமாகும் என்று முதலில் நந்தவனத்துக்குப் போனோம். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த இடம். அங்கே உட்கார்ந்து அவள் பாடிய நாச்சியார் திருமொழியைப் பிரித்தேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அதிலிருந்து 'வாரணமாயிரம்' மட்டும்தான் பாடுவோம். பாட்டுக்குப் பாட்டு 'கனாக் கண்டேன் தோழீ நான்' என்று முடிவதை யாரும் கவனிப்பதில்லை. அந்தக் கல்யாணம் கனவில்தான் நடக்கிறது. அடுத்த பதிகத்தில் அவள் விழித்துக்கொண்டு கண்ணனின் சங்கான பாஞ்சசன்னியத்திடம் கேட்கிறாள்:

'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ
திருப்பவளச் செவ்வாய்தான் தித்தித்திருக்குமோ'

அவன் வாயின் மணமும் சுவையும் எப்படி இருக்கும் என்று, தினமும் அந்த வாயில் இருக்கும் சங்கைத்தான் கேட்க முடியும். 'விருப்புற்றுக் கேட்கின்றேன்' என்று ஆசையையும் மறைக்காமல் சொல்கிறாள். போகப் போக அதுவே பொறாமையாகிறது. நீ உண்பது அவன் வாயமுதம், உறங்குவது அவன் கையில், பெண்களெல்லாம் உன்மேல் பெரும்பூசல் சொல்கிறார்கள் என்று சங்கோடு சண்டைக்கு நிற்கிறாள். ஜீவாத்மா, பரமாத்மா என்று விளக்கம் சொல்லலாம், சரிதான். ஆனால் அந்த விளக்கத்துக்கு அவசரப்பட்டுப் போய்விட்டால் இந்த வாயும் மணமும் காதில் விழாமலே போய்விடும்.

பதின்மூன்றாம் பதிகத்தில் அவன் இன்னும் வரவில்லை. உள்ளே உருகி நைகிறவளை 'உளளோ இலளோ' என்றுகூட அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அவனைக் கண்டால், பயனில்லாத இந்தக் கொங்கையைக் 'கிழங்கோடும் அள்ளிப் பறித்திட்டு' அவன் மார்பில் எறிந்து என் அழலைத் தீர்த்துக்கொள்வேன் என்கிறாள். கிழங்கு என்ற சொல்லில் நின்றுவிட்டேன். மண்ணைக் கிளறிச் செடி பிடுங்கிய கைக்குத்தான் அந்தச் சொல் வரும். நந்தவனத்தில் உட்கார்ந்து படித்ததால்தான் இது எனக்குப் பட்டதோ என்னவோ.

"இதைப் பெரியவங்க முன்னாடி எப்படிம்மா சேவிக்கிறது?" என்று அத்தையிடம் கேட்டேன். "பெரியவங்கதான் கோயில்ல சேவிக்கிறாங்க. பெரியவாச்சான் பிள்ளை வரி வரியா வியாக்கியானம் எழுதியிருக்காரு. நமக்கென்ன கூச்சம்?" என்றார் அத்தை.

அப்புறம் கிருஷ்ணன் கோயிலுக்கு நடந்தோம். நெரிசலில் முதலில் பூமாலைகள்தான் தெரிந்தன. முன்னால் இருந்தவர் விலகியதும் ஆண்டாளைக் கண்டேன். உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலை வைத்து ரங்கமன்னார் படுத்திருந்தார். மற்ற சன்னதிகளில் எல்லாம் பெருமாள் படுத்திருக்கத் தாயார் காலடியில் இருப்பதையே பார்த்துப் பழகிய கண்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, சங்கிடம் கேட்ட அந்தப் பாட்டை மெல்லிய குரலில் சேவிக்க ஆரம்பித்தார்.